மெய்யெழுத்து போதும்

ரோலர் அக்காவிடம் கையெழுத்து வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல என்று அந்த மேனேஜருக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பாவம், யாரும் சொல்லவில்லை. பேனாவின் மூடியைத் தானே கழற்றி, காகிதத்தை அவள் பக்கம் தள்ளி, "இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு போட்டுட்டா வேலை முடிஞ்சுதும்மா" என்றார்.

அவள் போடவில்லை. படித்தாள். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். மூன்றாம் ரோலரின் பாதுகாப்புப் பட்டை வேலை செய்யாதது குறித்து ரோலர் பிரிவிலிருந்து புரியும்படியான புகார் எதுவும் வரவில்லை என்றும், விபத்துக்குக் காரணம் வேலை செய்தவரின் கவனக்குறைவு என்றும் அதில் எழுதியிருந்தது.

"நான் சொன்னேனே சார். மூணு தடவை சொன்னேன்."

"சொன்னதா கம்ப்யூட்டர்ல இல்லையேம்மா."

"அப்ப உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திருப்பி அவர் பக்கமே தள்ளிவிட்டு வந்துவிட்டாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரிகளின் விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாம் வெளுக்கிற பெரிய சலவைக்கூடம் அது. துவைத்துப் பிழிந்து ஈரமாக வருகிற விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் பிடித்து இழுத்து, கொதிக்கக் கொதிக்கச் சுற்றுகிற இரும்பு உருளைக்குள் விடவேண்டும். அதுதான் ரோலர். மறுபக்கம் விறைப்பாக, சுருக்கமில்லாமல் வந்து விழும். அந்த வேலையில் பதினாலு வருஷம் நின்றவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ரோலர் அக்கா என்றே ஆகிவிட்டது. புருஷன் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர். அவர்கூட வெளியாட்களிடம் "நம்ம ரோலரம்மா" என்றுதான் சொல்லுவார், அவள் காதில் விழாத தூரத்தில்.

உருளை விரிப்பை உள்ளே இழுக்கிற வாயில், விரல் உயரத்தில், ஒரு நீளமான பட்டை உண்டு. கை தவறி முன்னே போனால் முதலில் அந்தப் பட்டையில்தான் தட்டும். தட்டிய கணத்தில் உருளை நிற்கவேண்டும். மூன்றாம் ரோலரில் நிற்கவில்லை. அதில் போனது அவளுடைய ஓரகத்தியின் இடது கை. நான்கு விரலும் புறங்கையும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், அவளே வெளுத்த விரிப்பின் மேல்.

ஓரகத்தி என்றால் கொழுந்தன் பெண்டாட்டி. இரண்டு பேருக்கும் வீட்டில் ஆகாது. குழாயில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது, மொட்டை மாடிக் கொடியில் யார் துணி காய்வது என்று எட்டு வருஷமாக முட்டலும் மோதலுமாகச் சண்டை. ஆனாலும் கொழுந்தனுக்கு வேலை போன சமயத்தில், ஓரகத்தியைக் கூட்டிப்போய் அந்தக் கூடத்தில் சேர்த்துவிட்டவள் இவள்தான். இன்றைக்கு ரோலர் பிரிவில் மூத்தவள் என்ற முறையில் இவள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், வெந்த கைக்கு அவளே பொறுப்பு என்று ஆகிவிடும். வைத்தியத்துக்குக் கம்பெனி கைகொடுக்காது. கை ஆறி வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

சரி, சொன்னது ஏன் கம்ப்யூட்டரில் இல்லை? அங்கேதான் இருக்கிறது கூத்து.

இருந்தது. அத்தனையும் இருந்தது. பழுது பார்க்கிற ஃபிட்டருக்கு ரோலர் பிரிவிலிருந்து போகிற செய்தி எல்லாம் கம்பெனியின் செயலி வழியாகத்தான் போகும். அந்தச் செயலி ஒவ்வொன்றையும் படித்து, இது புகார், இது விசாரிப்பு என்று பிரித்து வைக்கும். படிக்க முடியாதது ஃபிட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் கம்பெனிக் கணக்கில் அதை "பொருளற்ற எழுத்துகள்" என்ற மூட்டையில் கட்டி ஓரமாகப் போட்டுவிடும். ரோலர் பிரிவின் செய்திகளில் பத்துக்கு ஒன்பது அந்த மூட்டைக்குள்தான் கிடந்தன. விளைவு என்ன தெரியுமா? போன வருஷம் முழுக்க ஒரு புகாரும் வராத பிரிவு என்று மேனேஜருக்குத் தலைமை அலுவலகத்தில் கேடயம் கொடுத்திருக்கிறார்கள். அதை அவர் மேசைமேல் வைத்திருந்தார், வருகிறவர்கள் கண்ணில் படும்படி.

அவள் எழுதுகிற விதம் அப்படி. வந்துட்டேன் என்பதற்கு "vntn". சாப்ட்டியா என்பதற்கு "sptya". இன்னும் வரல என்றால் "inum vrla". வெளியாள் பார்த்தால் பூனை நடந்துபோன மாதிரிதான் இருக்கும். ஆனால் அது அவள் கண்டுபிடித்ததும் அல்ல, ரகசியமும் அல்ல. பொத்தான் வைத்த போன் இருந்த காலத்தில், ஒரே பொத்தானில் மூன்று நாலு எழுத்து. "i" வேண்டுமென்றால் மூன்று தட்டு, "o" வேண்டுமென்றால் மூன்று தட்டு. நூற்றறுபது எழுத்தோடு செய்தி முடிந்துவிடும். அப்போது இவள் புருஷன் இவளுக்குப் புருஷன் ஆகவில்லை. சொல்வதற்கோ நிறைய இருந்தது. இரண்டு பேருமாக உயிரெழுத்தை உதறினார்கள். படிக்கிறவன் வாய் அதைத் தானாகப் போட்டுக்கொள்ளும் என்று கண்டுகொண்டார்கள். அவர்கள் மட்டுமா, அந்த வயசுக்காரர்கள் ஊருக்கு ஊர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ரோலர் முன்னால் நிற்கும்போது அது இன்னும் அவசியமாகிவிட்டது. ஒரு விரிப்பு உள்ளே போய் அடுத்தது கைக்கு வருவதற்குள் பத்து நொடி. கையில் பருத்தி உறை. அவள் வலது கட்டைவிரல் உறையின் நுனியை மட்டும் கத்தரித்து வைத்திருந்தாள். அந்த நுனியால் பத்து நொடிக்குள் எவ்வளவு எழுதமுடியுமோ அவ்வளவுதான் செய்தி. போன் தானாகத் திருத்துகிற வசதியை முதல் நாளே அணைத்துவிட்டாள், அது "vntn" என்பதை என்னென்னவோ ஆக்கித் தொலைத்ததால்.

கையெழுத்துப் போடாமல் வந்த அன்று மாலை புருஷன் சொன்னார், "போட்டுட்டு வந்திருக்கலாம். உன் வேலையும் போச்சுன்னா என்ன பண்றது? பெரிய இடத்துச் சங்காத்தம் நமக்கு எதுக்கு?"

"நான் எழுதினதை எழுத்தே இல்லைங்கறான். பொய்யின்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்குவேன். எழுத்தே இல்லையாம்! நீங்க எத்தனை வருஷமா படிக்கிறீங்க?"

"எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியலையே."

"புரியலைன்னா கேக்கணும். கேக்காம மூட்டை கட்டுவானா?"

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போய்விட்டார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய அனுபவம்.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும். சிரிக்கவும் மாட்டார், சீறவும் மாட்டார். எதைக் கேட்டாலும் எழுதிக்கொள்வார். மேனேஜர் அறையில் அவரும் மேனேஜரும் ஒரு பக்கம், ரோலர் அக்காவும் ஃபிட்டரும் எதிர்ப்பக்கம். மேசைமேல் கேடயம் பளபளவென்று நின்றது.

அதிகாரி மூட்டையை அவிழ்த்துத் தாளில் எடுத்து வைத்திருந்தார். ஆறே வரி. மூன்று அவள் அனுப்பியது, மூன்று ஃபிட்டர் அனுப்பிய பதில்.

"இதுல இருக்கறது என்னன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று முதலில் ஃபிட்டரைக் கேட்டார்.

ஃபிட்டர் தரையைப் பார்த்தான். முப்பது வயசுப் பையன். அவள் வாயில் தம்பி என்றுதான் வரும். இரண்டு நாள் முன்புவரை அக்கா அக்கா என்று சுற்றிவந்தவன். "ஏதோ எழுத்து வந்துச்சு சார். சரியாப் புரியல. பழக்கத்துல நானும் ஏதோ பதில் போட்டுட்டேன்" என்றான்.

அவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. "அடப்பாவி!" என்றாள். "பதிலே போட்டிருக்கே, புரியலையாம்! புரியாமலா அக்கான்னு போட்டே?"

"அம்மா, நீங்க இருங்க" என்றார் மேனேஜர். "சார், இவங்க எதை வேணும்னாலும் இதுக்கு அர்த்தம்னு இன்னிக்குச் சொல்லலாம். உயிரெழுத்தே இல்லை. எதைப் போட்டாலும் பொருந்தும்."

அது நியாயமான வாதம்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். அதிகாரியும் தலையாட்டினார். "நீங்க சொல்ற அர்த்தம்தான் இதுல இருக்குன்னு நான் எப்படி நம்பறது?" என்று அவளைக் கேட்டார்.

"என்னை நம்ப வேண்டாம் சார். நான் ஒரு வார்த்தை பேசல. இந்த விவகாரம் தெரியாத ஆளா நீங்களே பொறுக்குங்க. மூணு பேரைக் கூப்பிடுங்க. ஒவ்வொருத்தரா. ஒருத்தர் படிக்கறது இன்னொருத்தர் காதுல விழக்கூடாது. மூணு பேரும் மூணு விதமாப் படிச்சாங்கன்னா, நானே பேனா கொண்டாந்து கையெழுத்துப் போடறேன்."

மேனேஜர் வேண்டாமென்று ஏதோ சொல்லப் பார்த்தார். அதிகாரி அதற்குள் தாளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் லேசான ஆளில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு வரிக்கு நடுவே ஏழாவதாகத் தானும் ஒரு வரி எழுதினார். அவளுடைய முதல் செய்தியின் அதே எழுத்துகள், முன்பின்னாகக் கலைத்துப் போட்டது. "சும்மா ஊகிச்சுச் சொல்றவங்க இதுக்கும் ஒரு அர்த்தம் சொல்லுவாங்க" என்றார்.

முதலில் வரவேற்பு மேசையில் உட்காருகிற பெண் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். ரோலர் இருக்கிற கூடத்துக்குள் அவள் காலே வைத்ததில்லை. அதிகாரி தாளை நீட்டி, "இதுல ஏதாவது படிக்க முடியுதா பாருங்க" என்றார்.

முதல் வரி இது: "3 rlr sfty bar thtnlm nkla. vnthu prnga".

அவள் மூச்சு விடாமல் படித்தாள். "மூணு ரோலர் சேஃப்டி பார் தட்டினாலும் நிக்கல. வந்து பாருங்க. பதிலு, பாக்கறேன்க்கா." பதில் "pkrn ka" என்றிருந்தது. அடுத்த நாள் ரோலர் அக்கா அனுப்பியது: "inum sri agla. thtna 2 sec klchu than nkthu. kai ulla poidm". அவள் படித்தாள், "இன்னும் சரி ஆகல. தட்டினா ரெண்டு செகண்ட் கழிச்சுதான் நிக்குது. கை உள்ள போயிடும்." சொல்லிவிட்டு நிமிர்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்தாள். "ஐயோ, இது அந்தக் கை வெந்த விஷயமா சார்?"

"படிங்க" என்றார் அதிகாரி.

"பார்ட் வரலக்கா, நாளைக்குப் பாக்கறோம். அடுத்தது என்ன சார் இது? குப்பை. இதுல ஒண்ணும் இல்லை. கீ போர்டுமேல உக்காந்துட்டாங்களா?" அது அதிகாரி கலைத்துப்போட்ட வரி. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, தாளில் ஒரு கோடு மட்டும் போட்டார். கடைசி இரண்டு வரியையும் அவள் படித்தாள். அதைக் கேட்டதும் மேனேஜர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். குடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

இரண்டாவது, வாசல் வாட்ச்மேன். ஐம்பத்தைந்து வயது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாயை அசைத்து அசைத்துப் படித்தார். "என் பொண்ணு இப்படித்தான் சார் அனுப்பும். மொதல்ல எனக்கும் எரிச்சலா இருந்துச்சு. அப்பறம் அவ குரல்லயே படிக்க ஆரம்பிச்சேன், வந்துடுச்சு." வரிக்கு வரி அந்தப் பெண் சொன்னதையே சொன்னார். கலைத்த வரியில் தலையைச் சொறிந்து, "இது நம்ம பாஷை இல்லை சார்" என்றார். ஒரே ஓர் இடத்தில் தடுமாறினார். "part vrla ka. nlk pkrm" என்ற வரியை, பார்ட் வரலக்கா, நாலுக்குப் பாக்கறோம் என்று படித்துவிட்டார்.

"பாத்தீங்களா!" மேனேஜர் குவளையை டக்கென்று வைத்தார். "ஒருத்தர் நாளைக்குங்கறார், ஒருத்தர் நாலு மணிக்குங்கறார். இதைத்தான் நான் சொன்னேன்."

பேசமாட்டேன் என்று சொன்னவளால் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருக்கமுடியும்? "நாலுன்னா நம்பர் போடுவோம் சார்! 4 ku ன்னு முடிஞ்சுபோச்சு. நம்பர் ஒரு தட்டு, எழுத்து மூணு தட்டு. எவனாவது மெனக்கெட்டு எழுத்துல எழுதுவானா? மேல பாருங்க, ரெண்டு செகண்டுக்கு 2 தான் இருக்கு, மூணாம் ரோலருக்கு 3 தான் இருக்கு."

வாட்ச்மேன் மறுபடி தாளைப் பார்த்து, "அட ஆமாம், நாளைக்குதான். அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

அதிகாரி முதல்முறையாக அவளை நேராகப் பார்த்துக் கேட்டார். "உயிரெழுத்தை விட்டுடறதா சொல்றீங்க. ஆனா இங்க nkla ன்னு கடைசியில ஒரு a இருக்கு. inum ல முன்னாடி i இருக்கு. அதெல்லாம் ஏன் விடலை?"

"வார்த்தை உயிர்ல ஆரம்பிச்சா அதை விடமாட்டோம் சார். தலையை வெட்டிட்டா ஆள் யாருன்னு எப்படித் தெரியும்? கடைசி a, அதுலதான் இல்லைங்கறதே இருக்கு. நிக்கலைன்னு தெரியணும் இல்ல? நிறுத்தட்டுமான்னு கேட்டேனே, அங்கயும் a இருக்கும். அதை எடுத்தா கேள்வி போயிடும். நடுவுல இருக்கறதைத்தான் எடுப்போம். அது போனா ஒண்ணும் குறையாது. சின்ன வார்த்தைன்னா அதையும் எடுக்கமாட்டோம். கைன்னு எழுதறப்போ முழுசா kai ன்னுதான் எழுதினேன். அதுல ஏதாவது விட்டா என்ன மிஞ்சும்?"

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மூன்றாவது, அழுக்கு விரிப்பு இறக்க வந்த லாரி டிரைவர். அந்தக் கூடத்துக்கே அன்றைக்குத்தான் முதல் தடவை. வண்டியை வழியில் நிறுத்திவிட்டு வந்த அவசரத்தில் நின்றபடியே கடகடவென்று வாசித்தான். கலைத்த வரியை "இது எவனோ தூக்கத்துல அடிச்சது" என்று தாண்டிப் போனான். நாளைக்கு என்பதை நாளைக்கு என்றே படித்தான். கடைசிக்கு வந்தான். அவள் புதன்கிழமை மதியம் அனுப்பியது: "nrthtma? mngr kta klnga". அதற்கு ஃபிட்டர் போட்ட பதில்: "otlm nu sltr".

"நிறுத்தட்டுமா? மேனேஜர்கிட்டக் கேளுங்க. ஓட்டலாம்னு சொல்லிட்டார்" என்று படித்தவன், தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "யாரு சார் அந்த மேனேஜரு? நிக்காத மெஷின ஓட்டச் சொன்னானா? நல்ல ஆளுதான்" என்றான். பதிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுக்கப் போய்விட்டான்.

மேனேஜரின் காது சிவந்திருந்தது.

அதிகாரி தாளை ஃபிட்டர் முன்னால் வைத்தார். "இந்தக் கடைசி வரி நீங்க அனுப்பினது. நீங்களே படிங்க."

அவன் படிக்கவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். திட்ட வேண்டுமென்றுதான் வாயெடுத்தாள். அவன் அந்தத் தாளைத் தொடவே பயப்படுவதைப் பார்த்ததும் குரல் தானாக இறங்கிவிட்டது. "தம்பி, அவளை ரோலர்லேருந்து வெளிய இழுத்தது நீதான். அவ கத்தினது உன் காதுலயும்தான் விழுந்துச்சு. நீ எழுதினதை நீ படி. அவ்வளவுதான் கேக்கறேன்."

"ஓட்டலாம்னு சொல்லிட்டார்" என்றான் ஃபிட்டர். பிறகு, யாரும் கேட்காமலே மிச்சத்தையும் சொன்னான். "மேனேஜர் சார்தான் சொன்னார். ஆஸ்பத்திரி ஆர்டர் நிக்குது, பார்ட் வர்ற வரைக்கும் பாத்து ஓட்டுங்கன்னார். எனக்கு எல்லாம் புரிஞ்சுது சார். அக்கா எழுதினதுல எனக்குப் புரியாதது இதுவரைக்கும் ஒண்ணுகூட வந்ததில்லை."

மேனேஜர், தான் சொன்ன பொருள் வேறு, இடம் வேறு என்று நிறையச் சொன்னார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். பழைய காகிதத்தை நீளவாக்கில் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். புகார் மூன்று முறை தெரிவிக்கப்பட்டது, புரிந்துகொள்ளப்பட்டது, பதிலும் வந்தது. இயந்திரத்தை ஓட்டும்படி மேலிருந்து சொல்லப்பட்டது. காயம் பட்டவர்மேல் குற்றமில்லை. அவளுடைய மூன்று செய்தியையும் எழுத்து மாறாமல், நேரத்தோடு, அப்படியே பார்த்து எழுதினார். கடைசியில் இன்னும் ஒரு வரி: இனிமேல் பணியாளர் முழுமையான எழுத்தில் மட்டுமே செய்தி அனுப்பவேண்டும்.

அவள் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து அந்த வரியில் நின்றாள்.

"இதை எடுங்க சார்."

"இது ஒரு நல்லதுக்குத்தானேம்மா. இன்னொரு தடவை இந்தக் குழப்பம் வரவேண்டாமேன்னு."

"குழப்பம் எனக்கு வரலையே. தம்பிக்கு வரலை. வாட்ச்மேனுக்கு வரலை, லாரிக்காரனுக்கு வரலை. உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் வந்துச்சு. அதுக்குப் படிக்கச் சொல்லிக்குடுங்க. எனக்குப் பத்து நொடி இருக்கு சார், ஒரு விரிப்புக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல. முழுசா எழுதிக்கிட்டு நின்னேன்னா அடுத்த கை என்னோடது."

அதிகாரி பேனாவை உதட்டில் தட்டிக்கொண்டார். பிறகு அந்த வரியைக் குறுக்கே அடித்தார். அவள் தன் பெயரை முழுசாக, ஓர் எழுத்து விடாமல் கையெழுத்தாகப் போட்டாள்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஓரகத்தி இடது கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். கட்டு முழங்கைவரை இருந்தது. இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். வைத்தியம் கம்பெனி பார்த்துக்கொள்ளும், வேலையும் இருக்கிறது என்று சொன்னபோது ஓரகத்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்காகவா அக்கா அவங்களோட அவ்வளவு மல்லுக்கு நின்னே?"

"உனக்காக யாரு நின்னா? நான் எழுதினதை எழுத்தே இல்லைன்னான். அதுக்கு நின்னேன்" என்றாள் ரோலர் அக்கா. சொல்லி வாய் மூடவில்லை, அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கு ஒழுகி, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். ஓரகத்தி நல்ல கையை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.